ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய ஊர்ப்பெயர்கள்: ஒரு தூண் வரைபடத்தின் கிடையச்சைச் சீர்செய்த நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் நண்டு கொள்முதல் செய்யும் ஒரு கூட்டுறவு அமைப்பின் மாதாந்திர அறிக்கையில் இடம்பெற்ற தூண் வரைபடம் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. வடகடல் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கத்தில் தொண்டி, நம்புதாழை, சோழியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், அழகன்குளம், ஆற்றங்கரை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆகிய 14 ஊர்களிலும், தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கத்தில் மரைக்காயர்பட்டினம், வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகிய 8 ஊர்களிலும் அந்த அமைப்பு நண்டு எடுக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் அந்த மாதம் எத்தனை கிலோ வந்தது என்பதை 22 தூண்களாகக் காட்டுவதே வரைபடத்தின் வேலை. தூண்கள் சரியாகத்தான் நின்றன. அவற்றுக்குக் கீழே எந்தத் தூண் எந்த ஊருக்கு உரியது என்று சொல்ல வேண்டிய எழுத்துகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கரித்துண்டால் இழுத்த கோடு போல ஒரே கறுப்புப் பட்டையாகக் கிடந்தன.

அலுவலகக் கணக்கை எழுதும் பெண்மணி அந்த அச்சுத்தாளை என்னிடம் நீட்டி, “தம்பி, எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்துட்டேன்; சின்னதா ஆன பிறகும் ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது” என்றார். எழுத்தின் அளவு 5 புள்ளிக்கு வந்திருந்தது. அந்த அளவில் பெயர்கள் பிரிந்து நின்றிருந்தாலும் அச்சில் யாராலும் படித்திருக்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது: இடம் எவ்வளவு, தேவை எவ்வளவு

இத்தகைய சிக்கலைக் கண்டதும் அமைப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். ஓர் அளவுகோலும் ஒரு வகுத்தலும் போதும் என்பது என் கருத்து. அறிக்கை ஏ4 தாளில் நெடுக்குவாட்டில் அச்சாகிறது. தாளின் அகலம் 21 செ.மீ.; இருபுற விளிம்புகளும் 2.54 செ.மீ. வீதம் போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 15.9 செ.மீ. இடப்பக்கம் கிலோ எண்கள் நிற்கும் இடத்தையும் ஓரங்களையும் கழித்தால், தூண்கள் நிற்கும் பரப்புக்கு 14.5 செ.மீ. கிடைக்கிறது. அதை 22 ஊர்களுக்குப் பங்கிட்டால் ஓர் ஊருக்கு 0.66 செ.மீ. வருகிறது.

இனித் தேவையைப் பார்க்கலாம். 9 புள்ளி அளவில் அச்சிட்ட ‘தேவிபட்டினம்’ என்ற சொல்லை அளவுகோலால் அளந்தபோது அது ஏறத்தாழ 2 செ.மீ. நீளம் இருந்தது, ‘திருப்பாலைக்குடி’ 2.6 செ.மீ. அளவுக்குப் போனது, ‘மரைக்காயர்பட்டினம்’ 3 செ.மீ.யைத் தொட்டது. எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த அளவுகள் சற்று மாறுமே தவிர, 0.66 செ.மீ. இடத்தில் 2 செ.மீ. சொல் படுக்கைவாட்டில் அடங்காது என்பது எந்த எழுத்துருவிலும் மாறப்போவதில்லை. எழுத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் ‘தேவிபட்டினம்’ மட்டுமாவது அடங்கும். அதாவது 3 புள்ளி. கணக்கு எழுதுபவர் 5 புள்ளி வரை இறங்கியும் பயன் காணாததற்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் பொருந்தும் கணக்கு. உண்மையில் கட்டங்களில் இருந்தவை ஊர்ப்பெயர்கள் மட்டும் அல்ல. ‘நண்டு கொள்முதல் மையம் - தேவிபட்டினம்’, ‘நண்டு கொள்முதல் மையம் - பாம்பன்’ என்று 22 வரிசையிலும் முழுப்பெயர் இருந்தது. அவற்றின் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. இங்கே நீளத்தைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. எல்லாப் பெயர்களும் ஒரே மூன்று சொற்களில் தொடங்குவதால், மென்பொருள் இடமின்றி முனையை வெட்டும்போது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பகுதிதான் முதலில் போகிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாத இடங்களில்கூட ‘நண்டு கொள்…’, ‘நண்டு கொள்…’ என்றே வரிசையாக நின்றிருக்கும். வரைபடத்தின் தலைப்பிலேயே ‘நண்டு கொள்முதல்’ என்று இருக்கும்போது அதை 22 முறை அச்சின் கீழே திரும்பச் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மென்பொருள் ஏன் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை

இடம் போதவில்லை என்பது தெளிவு. ஆனால் இடம் போதாத எல்லா வரைபடங்களிலும் எழுத்துகள் மோதுவதில்லை. எக்செலை அதன் போக்கில் விட்டுவிட்டால் அது முதலில் பெயரை இரண்டு மூன்று வரிகளாக மடக்கிப் பார்க்கும், பிறகு சாய்க்கும், பிறகு நேர்க்குத்தாக நிறுத்தும், அதற்கும் இடம் இல்லையென்றால் ஒன்று விட்டு ஒன்றாகப் பெயர்களைத் தவிர்க்கும். லிப்ரே ஆபிஸ் கால்க்கும் இடமில்லாவிட்டால் சில பெயர்களைக் காட்டாமல் விடும். ஆகவே மோதல் நிகழ்ந்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் இந்தத் தானியங்கிப் போக்கை அணைத்து வைத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். இந்த ஊகத்தைச் சரிபார்ப்பது எளிது.

கோப்பு முதலில் வேறொருவரின் கணினியில் எக்செலில் உருவாகி, பிறகு அலுவலகக் கணினியில் இருந்த லிப்ரே ஆபிஸின் பழைய பதிப்பு ஒன்றுக்கு வந்து சேர்ந்திருந்தது. எக்செலின் `.xlsx` கோப்பு உண்மையில் ஒரு சிப் மூட்டையே. நகல் ஒன்றின் பெயர் முடிவை `.zip` என்று மாற்றித் திறந்தால், `xl/charts` என்ற உறைக்குள் `chart1.xml` என்ற கோப்பில் வரைபடத்தின் எல்லா அமைப்புகளும் எழுத்தாகவே இருக்கும். கிடையச்சுப் பகுதியில் இந்த இரண்டு வரிகள் இருந்தன:

```
<a:bodyPr rot="0" vert="horz"/>
<c:tickLblSkip val="1"/>
```

முதல் வரியின் பொருள், எழுத்தின் சாய்வு பூச்சியம் பாகை என்று கையால் உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பது. இந்த மதிப்பு ஒரு பாகையின் 60000-ல் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்படுவது. மேல்நோக்கி 45 பாகை சாய்வு என்றால் `-2700000` என்று இருக்கும். யாரும் தொடாத அச்சில் எக்செல் எழுதுவது `-60000000`. ஆயிரம் பாகை என்று ஒரு சாய்வு இருக்க முடியாது அல்லவா. ‘நீயே முடிவு செய்துகொள்’ என்பதற்கான அடையாளமாக அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வரியின் பொருள், ஒரு பெயரைக்கூடத் தவிர்க்காமல் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது.

இரண்டையும் செய்தவரின் எண்ணம் புரிந்துகொள்ளக்கூடியதே. எக்செல் ஒன்று விட்டு ஒன்றாகப் பெயர்களை மறைத்திருக்கும். தம் ஊரைக் காணோம் என்று யாரேனும் கேட்டிருப்பார்கள். அவர் எல்லாவற்றையும் காட்டச் சொல்லியிருப்பார். உடனே பெயர்கள் நேர்க்குத்தாக நின்றிருக்கும். தமிழைக் கழுத்தைச் சாய்த்துப் படிப்பது சிரமம் என்று சாய்வையும் பூச்சியமாக்கியிருப்பார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமான முடிவுகள். சேர்ந்து வரும்போது, இடமில்லாவிட்டாலும் படுக்கைவாட்டில் எல்லாவற்றையும் எழுது என்ற கட்டளையாகிவிடுகின்றன.

எக்செலில் அதே கோப்பைத் திறந்தபோது பெயர்கள் குறுகிய வரிகளாக மடங்கி, முனை வெட்டுப்பட்டு, படிக்க முடியாமல் இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கவில்லை. கால்க்கில்தான் அவை ஏறின. கால்க்கில் வரைபடத்தை இருமுறை சொடுக்கி, கிடையச்சை வலச்சொடுக்கி, `Format Axis…` சென்று `Label` தாவலைப் பார்த்தால் `Text Flow` என்ற தலைப்பின் கீழ் `Overlap`, `Break` என்று இரண்டு பெட்டிகள் உண்டு. `Overlap` என்ற பெட்டியில் குறி இருந்தது. `Break` வெறுமையாக இருந்தது. பூச்சியம் பாகை என்று கையால் அமைத்த எக்செல் கோப்பைத் திறக்கும்போது கால்க் அந்த `Overlap` குறியைத் தானே போட்டுக்கொள்கிறது. இதைத் தெரியாதவர்கள், யாரோ தவறாக அழுத்திவிட்டார்கள் என்று அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள நேரும். குறியை எடுத்ததும் மோதல் நின்றது. 22 ஊர்களில் சில மட்டுமே தெரிந்தன, மற்றவை மறைந்தன. கோளாறு இடம் மாறியதே தவிரத் தீரவில்லை. `Break` பெட்டியைக் குறித்துப் பார்த்தபோது, 0.66 செ.மீ. அகலத்துக்குள் அடங்குவதற்காகச் சொல்லையே நடுவில் உடைத்து ‘தேவி’, ‘பட்’, ‘டின’, ‘ம்’ என்று படிக்கட்டாக அடுக்கியது. பாட்டனார் வைத்த பெயரை அப்படித் துண்டாடி அச்சிடுவதற்கு அந்த ஊர்க்காரர்கள் எவரும் ஒப்ப மாட்டார்கள்.

பெயரைக் குறுக்குதல்

ஆகவே முதல் வேலை அமைப்புப் பெட்டியில் அல்ல, தரவில்தான். மூல நெடுவரிசையை நான் மாற்றவில்லை. அந்த முழுப்பெயர்கள் பற்றுச்சீட்டு அச்சிடும் வேறொரு தாளுக்கும் போகின்றன. அருகில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, கோட்டுக்கு வலப்புறம் உள்ள ஊர்ப்பெயரை மட்டும் எடுக்கும் இந்தச் சூத்திரத்தை இட்டேன்:

```
=TRIM(MID(A2,FIND(" - ",A2)+3,100))
```

எக்செல், கால்க் இரண்டிலும் இது ஒரே மாதிரி இயங்கும். 21 வரிசைகளில் ஊர்ப்பெயர் வந்தது. கடைசி வரிசையான மூக்கையூரில் `#VALUE!` என்று வந்தது. காரணம், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் சிறு கோட்டுக்குப் பதிலாக, சொற்செயலியிலிருந்து ஒட்டியபோது வந்த நீண்ட கோடு இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும், `FIND`-க்கு அவை வெவ்வேறு குறிகள். இதைக் கவனிக்காமல் விட்டால் வரைபடத்தின் அச்சில் மூக்கையூர் இருக்க வேண்டிய இடத்தில் `#VALUE!` என்றே அச்சாகிவிடும். மூலக் கட்டத்தில் கோட்டைத் திருத்தியதும் சரியானது.

பிறகு வரைபடம் பெயர்களை எடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். எக்செலில் வரைபடத்தை வலச்சொடுக்கி `Select Data` சென்று, வலப்பக்கம் உள்ள `Horizontal (Category) Axis Labels` என்பதன் கீழ் `Edit` அழுத்திப் புதிய நெடுவரிசையைக் காட்டுவது வழி. கால்க்கில் `Data Ranges` பெட்டியின் `Data Series` தாவலில் `Categories` என்ற இடத்தில் அதே மாற்றம். கிலோ எண்கள் உள்ள நெடுவரிசையைத் தொட வேண்டாம்.

சாய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு

6 செ.மீ. பெயர் 2 முதல் 3 செ.மீ.யாகக் குறுகியது. இன்னும் 0.66 செ.மீ.க்குள் படுக்கைவாட்டில் அடங்காது. அறிக்கையின் முந்தைய மாதங்கள் எல்லாம் தூண்களாகவே இருப்பதால் இந்த மாதமும் தூணாகவே இருக்கட்டும் என்று செயலாளர் விரும்பினார். ஆகவே சாய்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு சாய்ப்பது என்பதைப் பலரும் கண்ணளவில் முடிவு செய்து, ‘கொஞ்சம் சாய்ந்தால் போதும்’ என்று 20, 30 பாகை வைத்துப் பார்க்கிறார்கள். மோதல் தீராததைக் கண்டு சாய்வே பயனற்றது என்று கைவிடுகிறார்கள்.

சாய்ந்த எழுத்து வரிசைகள் மோதாமல் இருப்பதற்குச் சொல்லின் நீளம் காரணமல்ல. வரியின் உயரம்தான் காரணம். பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் இரண்டு சொற்கள் இணைகோடுகள் போலப் போகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவு ஒரு வரியின் உயரத்தைவிடக் குறையக் கூடாது, அவ்வளவுதான். கணக்காகச் சொன்னால், வரியின் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால் ஒவ்வொரு பெயருக்கும் வேண்டிய அகலம் கிடைக்கும். தமிழில் மேலே இகர, ஈகாரச் சுழிகளும் கீழே உகர, ஊகார இழுப்புகளும் வருவதால் 9 புள்ளி எழுத்துக்கு வரியின் உயரத்தை 0.45 செ.மீ. என்று தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 30 பாகைக்கு சைன் 0.5, தேவை 0.9 செ.மீ.; நம்மிடம் இருப்பது 0.66, மோதும். 45 பாகைக்கு சைன் 0.707, தேவை 0.64 செ.மீ.; மயிரிழையில் அடங்கும். 90 பாகையில் தேவை 0.45 மட்டுமே, தாராளமாக அடங்கும், ஆனால் படிப்பவர் தாளையோ தலையையோ திருப்ப வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியவருகிறது: பெயரைக் குறுக்காமலே 45 பாகை சாய்த்திருந்தாலும் மோதல் நின்றிருக்கும். அப்படியானால் பெயரைக் குறுக்கியது எதற்கு என்று கேட்கலாம். சாய்ந்த பெயர் கீழ்நோக்கி இடத்தைத் தின்கிறது. தின்னும் உயரம், சொல்லின் நீளத்தை அதே சைனால் பெருக்கினால் கிடைப்பது. 6 செ.மீ. முழுப்பெயர் 4.2 செ.மீ. உயரத்தை எடுத்துக்கொள்ளும். அறிக்கையில் வரைபடத்துக்கு ஒதுக்கிய உயரமே 8 செ.மீ.தான்; தலைப்பையும் கழித்தால் தூண்கள் 3 செ.மீ.க்குள் குன்றிப்போகும், பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. குறுக்கிய பெயர்களில் மிக நீளமான மரைக்காயர்பட்டினம்கூட 2.1 செ.மீ.தான் கேட்கிறது. அகலத்துக்குச் சாய்வு, உயரத்துக்குச் சுருக்கம் என்று இரண்டும் வெவ்வேறு நெருக்கடிகளைத் தீர்க்கின்றன.

எக்செலில் செய்முறை: அச்சுப் பெயர்களைச் சொடுக்கி `Ctrl+1` அழுத்தினால் `Format Axis` பலகை வரும். அதில் `Size & Properties` என்ற குறியின் கீழ் `Alignment` பகுதியில் `Custom angle` இடத்தில் `-45` என்று கொடுக்க வேண்டும். எதிர்க்குறி முக்கியம், அது இருந்தால்தான் எழுத்து இடமிருந்து வலமாக மேலேறி, சொல்லின் முடிவு தன் தூணின் அடியில் போய்ச் சேரும். நேர்க்குறியில் 45 கொடுத்தால் சொல் தூணடியில் தொடங்கி வலப்புறம் கீழே இறங்கும். கடைசி ஊரின் பெயர் வரைபடத்தின் ஓரத்தைத் தாண்டும். கால்க்கில் குறி நேரெதிர்: அங்கே மேலேறும் சாய்வுக்கு `Degrees` இடத்தில் வெறும் 45. ஒரே கோப்பை இரண்டு மென்பொருளிலும் கையாளும் அலுவலகத்தில் இந்த வித்தியாசம் குழப்பம் தரும். கோப்பைத் திறக்கும்போது மென்பொருளே மாற்றிக்கொள்கிறது என்பதால், ஒரு முறை ஒரு பக்கம் அமைத்தால் போதும்.

பெயர்களைத் தவிர்க்காமல் காட்டுவதற்கான `Specify interval unit` என்ற அமைப்பை 1 என்றே விட்டுவிட்டேன். ஊர்ப்பெயர்களில் ஒன்றைக்கூட மறைக்க முடியாது. தொண்டிக்கும் சோழியக்குடிக்கும் நடுவில் இருப்பது நம்புதாழை என்று படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க இயலாது. அதே அறிக்கையில் ஒரு மையத்தின் தினசரி வரவைக் காட்டும் இன்னொரு வரைபடமும் இருந்தது. அதில் 31 தேதிகள் இதே போல நெருக்கியடித்தன. அங்கே தீர்வு நேர்மாறானது. 1, 8, 15, 22, 29 என்று வாரத்துக்கு ஒன்று காட்டினால் இடைப்பட்டவை தாமே விளங்கும். ஆகவே `Major` அலகை 7 நாள் ஆக்கி, `01-08-2024` என்று முழுவதும் எழுதாமல் நாள் எண்ணை மட்டும் காட்டும் `d` என்ற எண் வடிவத்தைக் கொடுத்தோம்; மாதம் தலைப்பில் இருக்கிறது.

மூன்றாவது வரைபடம் ஒன்றில், முந்தைய மாதத்தைவிடக் கூடியதும் குறைந்ததுமான அளவைக் காட்டியிருந்தார்கள். குறைந்த ஊர்களின் தூண்கள் பூச்சியக் கோட்டுக்குக் கீழே இறங்கிப் பெயர்களின்மேலேயே விழுந்தன. இதுவும் பார்வைக்கு மோதல்தான், ஆனால் பெயரோடு பெயர் மோதுவதல்ல. சாய்வும் சுருக்கமும் இதற்கு உதவா. எக்செலில் `Label Position` என்பதை `Low` ஆக்கினால், கால்க்கில் `Place labels` என்பதை `Outside start` ஆக்கினால், பெயர்கள் வரைபடத்தின் அடிமட்டத்துக்குப் போய்விடும். வரைபடத்தை ஓரத்தைப் பிடித்து மிக அகலமாக இழுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்: பெயர்கள் விலகிப் பிரிந்தால் இடநெருக்கடி, எவ்வளவு இழுத்தாலும் தூணின்மேலேயே நின்றால் பெயர் நிற்கும் இடம்தான் தவறு.

தாளைத் திருப்பலாமா

தாளைக் குறுக்குவாட்டில் திருப்பினால் சாய்க்காமலே படுக்கைவாட்டில் எழுதிவிடலாமே என்று கணக்கு எழுதுபவர் கேட்டார். ஏ4 குறுக்குவாட்டில் ஓர் ஊருக்கு ஏறத்தாழ 1.05 செ.மீ. கிடைக்கும், 2 செ.மீ. சொல் அதிலும் அடங்காது. கால்க்கில் மட்டும் `Stagger odd` என்றொரு வசதி உண்டு. பெயர்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி நிறுத்தும். அப்போது ஒவ்வொரு பெயருக்கும் 2.1 செ.மீ. கிடைப்பதால் பெரும்பாலான ஊர்கள் அடங்கின. திருப்பாலைக்குடியும் மரைக்காயர்பட்டினமும் அடங்கவில்லை. எக்செலில் இந்த வசதி இல்லை என்பதால், தணிக்கையாளரின் கணினியில் திறந்தால் அமைப்பு கலைந்துவிடும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

தூணைப் படுக்கவைத்தல்

தூண் வரைபடம் படிக்கும்படி ஆயிற்று. ஆனாலும் 22 ஊர்ப்பெயர்களுக்குத் தூண் உரிய வடிவமல்ல என்றே நான் நினைக்கிறேன். செயலாளரிடம் அதையும் சொல்லி, பட்டைகள் படுக்கைவாட்டில் கிடக்கும் வடிவில் ஒரு மாற்றையும் செய்து வைத்தேன். எக்செலில் `Change Chart Type` சென்று `Clustered Bar` தேர்ந்தால் தரவை மாற்றாமலே இது கிடைக்கும். இதில் பெயர்கள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக, சாய்வே இல்லாமல், பட்டியலைப் போல நிற்கின்றன. ஒரு பெயருக்கு வேண்டியது வரியின் உயரமான 0.45 செ.மீ. மட்டுமே, 22 ஊருக்கு 10 செ.மீ.; தலைப்புக்கும் கிலோ எண்களுக்கும் சேர்த்து 12 செ.மீ. உயரம் போதும். மிக நீளமான பெயருக்கு 3 செ.மீ. அகலம் போனாலும் பட்டைகள் ஓட 12 செ.மீ.க்கு மேல் மிஞ்சுகிறது.

மாற்றியவுடன் இரண்டு தொல்லைகள் வந்தன. எக்செல் பட்டியலின் முதல் பெயரை அடியில் வைத்து மேல்நோக்கி அடுக்குவதால் வடக்கே உள்ள தொண்டி கீழேயும் தெற்குக் கோடியான மூக்கையூர் மேலேயும் போயின. கடற்கரையை வடக்கிலிருந்து மனத்தில் ஓட்டிப் பார்க்கும் இந்த ஊர் மக்களுக்கு அது தலைகீழாகத் தெரியும். பெயர் அச்சைத் தேர்ந்து `Categories in reverse order` என்பதைக் குறித்ததும் தொண்டி மேலே வந்தது; கிலோ எண்களும் கூடவே உச்சிக்கு ஏறிவிட்டன. அதே பலகையில் `Horizontal axis crosses` என்பதை `At maximum category` ஆக்கியதும் எண்கள் அடிக்கு இறங்கின. இரண்டாவது தொல்லை, வரைபடத்தின் உயரத்தை 8 செ.மீ.யாகவே விட்டிருந்தபோது, இடைவெளி 1 என்ற பழைய அமைப்பினால் பெயர்கள் இப்போது மேலும் கீழுமாக நெருக்கியடித்தன. உயரத்தை 12 செ.மீ.க்கு இழுத்ததும் அது தீர்ந்தது. இனி மையங்கள் கூடும்போது ஒவ்வொரு ஊருக்கும் அரை செ.மீ. வீதம் உயரத்தைக் கூட்டினால் போதும். தூண் வடிவில் இன்னும் ஓர் ஊர் சேர்ந்தாலே 45 பாகையில் தேவையான 0.64 செ.மீ. இடம் கிடைக்காது.

பட்டைகளை ஊர் வரிசையில் வைப்பதா, அளவு வரிசையில் வைப்பதா என்பதில் எங்களுக்குள் சிறு கருத்து வேறுபாடு எழுந்தது. அளவு வரிசை, யார் முதலிடம் என்பதை உடனே காட்டும். ஆனால் மாதந்தோறும் வரிசை மாறுவதால் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போகும்போது வரவின் போக்கே மாறிவிடுகிறது. அப்போது அளவு வரிசை முற்றிலும் புரண்டுபோகும். கரை வரிசையையே நிலையாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

கைபேசிக்குத் தனிப்படம்

அறிக்கை தாளில் ஒட்டப்படுவதோடு நிற்பதில்லை. அந்தப் படமே வாட்ஸ்அப்பில் மையங்களுக்கும் போகிறது. 16 செ.மீ. அகலத்துக்கு அமைத்த படம் கைபேசித் திரையின் ஏறத்தாழ 6.5 செ.மீ. அகலத்துக்குள் சுருங்கும்போது 9 புள்ளி எழுத்து 4 புள்ளிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாளில் தெளிவாக இருந்த பெயர்கள் கைபேசியில் மறுபடியும் புள்ளிக் கோலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அச்சின் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை. இதற்காக அதே தரவிலிருந்து கிடைப்பட்டை வரைபடத்தின் நகல் ஒன்றை 9 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமுமாக, 10 புள்ளி எழுத்தில், கட்டக்கோடுகளை நீக்கி, ஒவ்வொரு பட்டையின் முனையிலும் கிலோ எண்ணை நேரடியாக எழுதித் தனித்தாளில் வைத்தோம். திரையில் சுருங்கினாலும் எழுத்து 7 புள்ளிக்குக் குறையாது. எண் பட்டையின் முனையிலேயே இருப்பதால் அடியில் உள்ள கிலோ அச்சையும் நீக்கிவிடலாம். அறிக்கைத் தாளில் தூண் வரைபடம், வாட்ஸ்அப்பில் இந்த நகல் என்பதே இப்போது அந்த அலுவலகத்தின் வழக்கம்.